ஸ்பீக்கர் மறைத்த புடவை

கல்மண்டபத்தில் என் ஸ்டூடியோவில் வேலை செய்யும் வினிதாவை நான் ஒருநாள்கூட வாய்விட்டுப் பாராட்டியதில்லை. பாராட்டினால் தலைக்கேறிவிடும் என்ற பயம், வேறென்ன.

திருவொற்றியூர் பாடகி ராமசெல்வி வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். ஆறு வருஷத்துக்கு முன் திருவிழா மேடையில் பாடுகிறார். மேடை ஓரத்து ஸ்பீக்கர் பெட்டி அவரை நெஞ்சுக்குக் கீழிருந்து முழங்கால்வரை மறைத்திருந்தது. "அந்தப் பொட்டிய தூக்கிட்டு, பெருசா பிரேம் போட்டுக் குடு நைனா" என்று மட்டும் சொன்னார். வினிதா சாப்பிடப் போயிருந்தாள். இதற்கெல்லாம் அவள் எதற்கு என்று நானே உட்கார்ந்தேன். பெட்டியைச் சுற்றிக் கோடு போட்டு ஏஐ பட்டனைத் தட்டினேன். பத்தே நொடி. பெட்டி மாயம், அது இருந்த இடத்தில் புடவை ஜோர்.

மாலையில் மகள் மதியோடு வந்த ராமசெல்விக்குத் திரையைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போனது.

"இன்னா நைனா, என் வவுத்த காணோம்?"

"இன்னாம்மா சொல்ற?"

"அப்போ எனக்கு எட்டு மாசம். இவ உள்ள இருந்தா. லவ் பண்ணி கட்டிகினேன்னு எங்க வூட்ல ஒருத்தரும் எட்டிப் பாக்கல, வளகாப்பும் இல்ல. இவள சொமந்துகினு நான் நிக்கிற போட்டோ இது ஒண்ணுதான். அதையும் தட்டையாக்கிட்டியே!"

"மொதல்லயே சொல்லித் தொலைக்கறதுதானே!" என்று எகிறினேன். தப்பு என்னுடையது என்றால் எனக்குக் கோபம் இரண்டு மடங்கு வரும்.

சாப்பிட்டு எப்போதோ திரும்பியிருந்த வினிதா என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு மூலப் படத்தைத் திறந்தாள்.

"சொல்லவே வேணாம் சார். ஸ்பீக்கருக்குக் கீழ பாருங்க, முன்னால மட்டும் பொடவ தூக்கிகினு கீது. அக்கா, வவுத்துக்கு மேல ஏத்திக் கட்டியிருந்தீங்களா?"

"ஆமாம்மா."

அட! என் கண்ணில் அது படவே இல்லை.

படத்தில் கையில் தொங்கிய முந்தானையிலிருந்து துணியைத் துண்டு துண்டாக நகலெடுத்து, லேயர் என்னும் தனி அடுக்கில் வைத்தாள். வயிற்றின் வளைவுக்கு ஏற்ப வளைத்தாள். நடுவில் புடவைப் பூக்கள் முழுசாக, ஓரத்தில் ஒடுங்கலாக. மேடை விளக்கு இடதுபக்கம், அதனால் வலதுபக்கம் நிழல் போட்டாள். கொசுவ மடிப்பு ஒவ்வொன்றையும் கீழே தெரிந்த மடிப்போடு கோத்தாள். கடைசியில், பழைய செல்போன் படத்திலிருந்த பொரிப்பொரியான புள்ளிகளைப் புதிய துணியிலும் தூவினாள். அது இல்லாவிட்டால் ஒட்டுப்போட்ட இடம் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு மணி நேரம் நாங்கள் யாரும் நகரவில்லை. என்ன கை அது! "நீ பெரிய ஆளும்மா" என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். அவள் திரும்பக்கூட இல்லை.

ராமசெல்வி மகளைத் தூக்கித் திரைக்கருகே காட்டினார்.

"இதோ பாரு, இது நீ."

மதி விரலால் அந்த வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். "நீ பாடனது எனக்கு கேட்டுச்சாம்மா?"

"நல்லா கேட்டுச்சு. பாடப் பாட உதச்சிகினே இருந்த."