யன்னல் பக்கத்து ஆள்

மூதூர் இறங்குதுறைக்கு அப்பால் கிறிஸ்தோபர் மூழ்கிச் செத்த மூன்றாம் நாள் காலையில், மரண விசாரணைக்கு மொழிபெயர்க்க வரச்சொல்லி எனக்கு ஆள் வந்தது. தோணியில் அவனோடு இருந்தவன் என் தம்பி பேணாட். கரையில் நின்று கண்டவள் ஸல்ஹா ஒருத்திதான். அவளுக்குக் காது கேளாது, பேச்சும் இல்லை. வடக்கில் காது கேளாதோர் பள்ளிக்கூடத்தில் அவள் படித்த காலத்தில் நான் அங்கே விடுதிப் பொறுப்பில் ஆறு வருடம் இருந்தவள். அந்தப் பிள்ளைகளின் கைகளைப் பார்த்துப் பார்த்தே சைகை பழகினேன்.

"தம்பிக்காரன்ர விசாரணைக்கு அக்காவோ?" என்று நான்தான் முதலில் கேட்டேன்.

விசாரணை அதிகாரி பாக்கியரத்தினம் கையை விரித்தார். "வேற ஆள் இல்லை ரீச்சர். சத்தியம் பண்ணிப்போட்டுச் சொல்லுங்கோ."

செய்தேன். அன்றைக்கு எந்தச் சத்தியத்தையும் செய்திருப்பேன். பேணாட்டுக்குத் தூக்கோ மறியலோ வரக்கூடாது, எனக்கு அவ்வளவுதான் வேண்டும்.

துறைமுகத்தைப் பார்த்த மண்டபம் அது. பேணாட் அலுமாரிக்கு முன்னால் ஒரு கதிரையில் இருந்தான். ஸல்ஹா அவனைச் சுட்டினாள். பிறகு புருவத்தில் விரலால் ஒரு கீறு போட்டாள். புருவத் தழும்புக்காகக் கிறிஸ்தோபருக்கு அவள் வைத்த பெயர் அது. உடனே விரலை வெறுமையாகக் கிடந்த யன்னல் பக்கம் நீட்டினாள். சைகையில், அறையில் இருப்பவனுக்கு அவன் இருக்கும் இடம் போதும். இல்லாதவனுக்கு ஓர் இடம் குறித்துவிட வேண்டும், அதற்குப் பிறகு அந்த இடம்தான் அவன்.

எழுதுவினைஞர் சிவகுருநாதன் காற்று வாங்க யன்னலடிக்குப் போனார். ஸல்ஹாவின் கைகள் நின்றுவிட்டன. விலகும்படி காட்டினாள். ஆளை மிதித்துவிட்டவர்போல அவர் அரக்கப்பரக்க விலகினார். அதன் பிறகு அந்தப் பக்கம் எவரும் போகவில்லை, ஏனென்று கேட்கவும் இல்லை.

அவள் சொன்னாள். கைகள் அலுமாரிப் பக்கம் கிளம்பி யன்னல் பக்கம் பாய்ந்தன. கை புறப்பட்ட இடம் தள்ளியவன், போய்ச் சேர்ந்த இடம் தள்ளப்பட்டவன். கைகள் இரண்டு தரம் பாய்ந்தன, இரண்டு தரம் தள்ளினான். அவள் உதடு இறுகி, கண் இடுங்கியிருந்தது, அப்படியென்றால் வேண்டுமென்றே தள்ளினான். தமிழில் நான் ஒவ்வொன்றாக அடுக்க வேண்டியதெல்லாம் அவளிடம் ஒரே வீச்சில் வந்தது. பிறகு இடக்கையை நீட்டித் தோணியின் விளிம்பாக்கினாள். வலக்கை விரல்களை வளைத்து அதில் கொளுவினாள். இடக்கை அசையாமல் நிற்க, விரல்கள் யாரோ பிடித்துக் கழற்றுவதுபோல ஒவ்வொன்றாக விடுபட்டன.

எங்கள் குசினியில் எத்தனை நாள் சோறு தின்ற பொடியன் கிறிஸ்தோபர்!

"கிறிஸ்தோபர்தான் பேணாட்டைத் தள்ளினவராம்," என்றேன். "இவன் விலக, அவர் தவறி விழுந்திட்டாராம்."

பேணாட் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. வெட்கமாக இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

பாக்கியரத்தினம் கவனமான மனிதர். ஸல்ஹாவைப் பார்த்துத் தானே கைகளை எடுத்து, யன்னல் பக்கத்திலிருந்து அலுமாரிப் பக்கம் தள்ளிக் காட்டினார். "இப்பிடியோ?"

அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. செத்தவன் இருப்பவனைத் தள்ளினானாம். ஸல்ஹா அவர் கைகளைப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

கத்துவாள் என்று நினைத்தேன். அவள் தோளைச் சரித்து யன்னல் பக்கம் ஒதுங்கினாள். தலை தாழ்ந்தது. ஒரு புருவம் கிறிஸ்தோபருக்கு ஏறுவதுபோலவே ஏறியது. அந்த வெறும் இடத்திலிருந்து, அவன் முகத்தோடு, இரண்டு விரல்கள் அவள் கண்ணடியிலிருந்து என்னை நோக்கி வந்தன. திரும்பிப் போய் மறுபடி வந்தன. மெதுவாக, ஓயாமல், வட்டமாக. பார்க்கிறேன், பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பிறகு விளிம்பும் விரல்களும். கடைசியில் அலுமாரிப் பக்கம் ஒரு சுட்டல். பேணாட்டும் யன்னல் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னண்டு சொல்றா?" என்று அதிகாரி கேட்டார்.

சைகைக்காரி இன்னொருவராக மாறிவிட்டால், 'அவன்' என்று சொல்லக்கூடாது. யாராக மாறினாளோ அவனாகவே நாங்களும் பேச வேண்டும். ஆறு வருடப் பழக்கம் என் பொய்யைவிட வேகமாக வாய்க்கு வந்துவிட்டது.

"நான் உன்னைப் பாத்துக்கொண்டே இருக்கிறன்," என்றேன். என் குரலே எனக்குப் பயத்தைக் கொடுத்தது. "தோணியைப் பிடிச்சிருந்த என்ர விரலைக் கழட்டினவன் உவன்தான்."

பேணாட் கதிரையிலிருந்து சரிந்து, முகத்தை மூடிக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டான்.

சிவகுருநாதன் எழுதிக்கொண்டு வந்தவர் பேனையை நிறுத்தினார். "நான் எண்டதுக்கு ஆரிண்ட பேரைப் போடுறது ரீச்சர்? ஸல்ஹாவோ, நீங்களோ?"

யன்னல் பக்கம் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

"கிறிஸ்தோபர் எண்டு போடுங்கோ," என்றேன்.