நகர்ந்த தலைப்பு

ஆறு வருஷமாக வேலைக்காகக் காடுமேடெல்லாம் அலைந்தவன் இளவரசு. நேற்று வந்தவள் அருள்மொழி. சிதம்பரத்தில் இருக்கும் காய்கறி உழவர் கம்பெனிக்குக் குளிர்பதனக் கிடங்கு கேட்டுக் கடலூரில் அதிகாரிகள் முன்னால் பேசும் வாய்ப்பு யாருக்குப் போயிற்று? அவளுக்குத்தான். இளவரசுவுக்கு வயிறு எரிந்தது.

அவனும் ஸ்லைடு செய்துதான் கொடுத்தான். கல்யாண ஃபிளெக்ஸ் போல: சுற்றிப் பூ பார்டர், இரண்டு மூலையிலும் லோகோ, விட்டுப்போனால் கோபித்துக்கொள்வார்களே என்று இயக்குநர்கள் எல்லாருடைய போட்டோவும். மேனேஜர் கனகசபேசன் கண்ணைக் கசக்கினார்.

“எங்க பாக்குறதுன்னே தெரியலப்பா. அருள்மொழி பண்ணது போவட்டும்.”

அவள் செய்தது என்ன பெரிய வித்தை? பாதி ஸ்லைடு வெறும் வெள்ளை. சோம்பேறித்தனத்துக்கு இப்படி ஒரு பாராட்டா!

“அண்ணே, ஊர் பேர்ல பிழை இருக்கான்னு பாருங்க,” என்று லேப்டாப்பை அவனிடமே கொடுத்துவிட்டு டீ வாங்கப் போனாள்.

திறந்தான். பக்கம் முழுக்க மெல்லிய புள்ளிக்கோடுகள். திரையில் ஓட்டும்போது அவை தெரியாது. நாலு ஓரமும் ஒரே அளவு இடம் விட்டு, நடுவைச் சமமான பத்திகளாகப் பிரித்திருந்தாள். எழுத்தெல்லாம் இடதுகோட்டில் தொடங்கியது. படங்கள் பத்தியின் விளிம்பைத் தாண்டவில்லை. ஒன்றோடொன்று சேர்ந்தவை பக்கத்துப் பக்கத்தில், சேராதவை தள்ளி.

கெடுக்கவேண்டும் என்று கை துறுதுறுத்தது. ஒரு தலைப்பை இழுத்தான். அது கோட்டிலேயே போய் ஒட்டிக்கொண்டது. விடுவானா? அம்புக்குறி பட்டனைத் தட்டித்தட்டி மயிரிழை வலப்பக்கம் தள்ளினான். அப்புறம் சேமித்துவிட்டு, ஓட்டிப் பார்த்தான். எல்லா ஸ்லைடிலும் தலைப்பு அசையாமல் நிற்க, அந்த ஒன்றில் மட்டும் துள்ளியது. அட!

தன்னுடையதையும் தன் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தான். ஒவ்வொரு தலைப்பும் துள்ளியது. இதுவரை அவன் கண்ணில் படவேயில்லை. அவளுடையதைத் திருத்திவிடலாமா என்று நினைப்பதற்குள் அவள் டீயோடு வந்துவிட்டாள்.

“பிழை இருக்கா அண்ணே?”

“ஒண்ணுமில்ல.”

கடலூரில் அருள்மொழி பேசினாள். அதிகாரிகள் தலையாட்டினார்கள். அந்த ஸ்லைடு வந்தது. தலைப்பு துள்ளியது. யாரும் கவனிக்கவில்லை. இளவரசு மட்டும் சட்டென்று தலையைக் குனிந்தான். நிமிர்ந்தபோது அருள்மொழி அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிடங்குக்குப் பரிந்துரைப்பதாகச் சொல்லிவிட்டார்கள். திரும்பும் பஸ் புதுச்சத்திரம் தாண்டியது. அருள்மொழி ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்:

“கோணல் இப்ப உங்க கண்ணுக்கும் தெரியுது. அடுத்த வாட்டி நீங்களே செய்ங்க அண்ணே. சரிபாக்க என்கிட்ட குடுங்க.”

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் நிதானத்தின் மேலும் அவனுக்குப் பொறாமையாக வந்தது.