அரைக்கட்டை கீழே

லாங் பீச் படகுத்துறையில் போட்டிருந்த மேடையின் பக்கவாட்டுப் படியில் உட்கார்ந்து, வெண்டெல் ஃபாரோ வெந்நீரை மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டிருந்தார். கூட்டம் இப்போதே சேர ஆரம்பித்துவிட்டது. எல்லார் தலையிலும் கப்பல் கேப்டன் தொப்பி, உடம்பில் பூப்போட்ட சட்டை, கையில் பீர். பாதிப் பேர் அவர் பாடிய அந்தப் பாட்டு வந்தபோது பிறக்கவே இல்லை. அடுத்த வாரம் டாக்டர் அவர் குரல்வளையில் கத்தி வைக்கப்போகிறார். பேச்சு ஒருவேளை திரும்பலாம், பாட்டை மறந்துவிடுங்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஆகவே இன்றைக்குப் பாடினால்தான் உண்டு. ஒரே ஒரு பாட்டு. அதுவும் அவருடைய பாட்டு. அதைக்கூடக் கொடுக்க மாட்டாயா கடவுளே என்று மனசு அடித்துக்கொண்டது.

அவரை அழைத்தவள் மரிபெல் ஓச்சோவா. அந்தக் காலத்து வழவழப்பான கலிஃபோர்னியப் பாட்டுகளை மட்டுமே வாசிக்கும் ஒரு குழுவை நடத்துகிறவள். நாற்பது வயது இருக்கும். இசைத்தட்டில் இருப்பதை இம்மி பிசகாமல் மேடையில் கொண்டுவருவது அவளுக்கு விரதம் மாதிரி. டிரம்மின் தோல் மேல் துணியும் பிளாஸ்திரியும் ஒட்டி, எதிரொலியே இல்லாத அந்தப் பழைய 'பொத்' சத்தத்தைக் கொண்டுவந்திருந்தாள். ஜாஸ் ஆட்கள் வளைத்து வளைத்துப் போடுகிற சுரக்கூட்டுகளை எலக்ட்ரிக் பியானோவில் பஞ்சு மாதிரி அழுத்த ஒரு ஆளைப் பிடித்திருந்தாள். கோரஸுக்கு ஒன்பது பேர். ஸ்டுடியோவில் மூன்று பேர் பாடி, அதன்மேல் அதே மூன்று பேர் திரும்பப் பாடி, அதன்மேல் இன்னொரு தடவை பாடி அடுக்கியதை, இவள் ஆள் வைத்தே அடுக்கினாள்.

"மெஷினே கிடையாது சார், பாத்துக்கோங்க," என்றாள் பெருமையாக. "எல்லாம் மனுஷத் தொண்டைதான்."

வெண்டெல் வெந்நீரை இன்னொரு மடக்கு குடித்தார்.

அந்த இசைத்தட்டு வந்த வருஷம் ஒரு பத்திரிகைக்காரன் எழுதியதை அவர் தூக்கத்தில்கூடச் சொல்வார். 'இது பாட்டு இல்லை, பல் டாக்டர் வீட்டு ஏர்கண்டிஷனர்.' அப்போது காற்று அப்படி அடித்தது. கார் ஷெட்டில் நாலு பையன்கள் சேர்ந்து தொண்டை கிழியக் கத்தினால் அது உண்மை. சுருதி சேர்ந்தால் பொய். வேர்வை தெரியவில்லை என்றால் அதில் ஆளே இல்லை என்று அர்த்தம். காசுக்காரப் பயல்கள் நீச்சல்குளத்தில் மிதந்துகொண்டு போட்ட பாட்டு என்று காறித் துப்பினார்கள். வேர்வை இல்லாமலா? ஒரு வரிக்குக் காலையிலிருந்து பொழுது சாயும் வரை நின்றிருக்கிறார் வெண்டெல். ஒரு எழுத்து நடுங்கினாலும், டேப்பை ஓடவிட்டு அந்த இடத்தில் மட்டும் பொத்தானை அழுத்திப் புதுசாகப் பாட வைப்பார்கள். பழையது அதே நொடியில் அழிந்துபோகும். வேர்வை தெரியாமல் செய்வதற்குத்தான் அத்தனை வேர்வையும். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஆனால் மரிபெல்லிடம் சொல்ல வேண்டியது அது அல்ல. வேறொன்று.

உச்சத்து வரி வெண்டெலுக்கு அன்றைக்கே எட்டவில்லை. சின்ன வயசு, நல்ல தொண்டை, இருந்தும் எட்டவில்லை. தயாரிப்பாளர் கிளிஃப் ஒன்றும் பதறவில்லை. டேப் ஓடும் வேகத்தைக் கொஞ்சம் தணித்தார். வாத்தியங்கள் எல்லாம் அரைக்கட்டை இறங்கி, மெதுவாக ஒலித்தன. வெண்டெல் சௌகரியமாகப் பாடினார். பிறகு டேப்பைப் பழைய வேகத்தில் ஓட்டியதும் அவர் குரலும் அரைக்கட்டை ஏறி, மெலிந்து, இன்னும் இளசாகி வெளியே வந்தது. தேன் மாதிரி இருந்தது. ஸ்டுடியோவே கை தட்டியது. ஊர் ஊராகப் போய்ப் பாடாததால் யாருக்கும் தெரியவும் இல்லை. உலகம் மயங்கிய அந்தக் குரலில் அவர் தம் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பாடியதில்லை.

மைக் சரிபார்க்க அழைத்தார்கள். முதல் இரண்டு வரி நன்றாகவே போயிற்று. உச்சத்தில் தொண்டை கீச்சிட்டு அறுந்தது. மறுபடி. மறுபடியும் அறுந்தது. குழுவில் ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மரிபெல் பக்கத்தில் வந்தாள். "கஷ்டப்படுத்திக்காதீங்க சார். உடம்பு சரியில்லன்னு எனக்குத் தெரியாதா?"

"மரிபெல், அரைக்கட்டை இறக்கி வாசிச்சா..."

"எறக்கலாம். அதுல என்ன இருக்கு?" என்றவள் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். "ஆனா இவங்களுக்குத் தெரிஞ்சிடும். ரத்தத்துல ஊறிப்போன சுருதி சார். எல்லாரும் அப்பா அம்மா கார்ல பின்சீட்ல தூங்கிக்கிட்டே கேட்டவங்க. நானும்தான். பெருசானப்புறம் இந்தத் தொப்பியப் போட்டுக்கிட்டு நக்கல் பண்ணத்தான் வந்தோம். பணக்காரங்க சொகுசுப் படகுல கேக்குற பாட்டுன்னு இன்டர்நெட்ல எவனோ 'படகுப் பாட்டு'ன்னு கேலியாப் பேரு வெச்சான், நாங்களும் சிரிச்சோம். சிரிச்சுக்கிட்டே கேட்டோம். ராப் பசங்க இதுலேர்ந்து துண்டு துண்டா வெட்டி எடுத்து அவங்க பாட்டுல ஒட்டினாங்க. ஒருநாள் பாத்தா சிரிப்பு போயிடுச்சு, பாட்டு மட்டும் நிக்குது."

"ஏன்?"

"எனக்கு வேலை போச்சு, புருஷன் போனான். வீட்ல எந்தச் சத்தம் கேட்டாலும் நெஞ்சு அடிச்சுக்கும். உங்க பாட்டு மட்டும்தான் எங்கயும் குத்தல. எங்கயோ ஒரு மனுஷன், எனக்கு வலிக்கக்கூடாதுன்னே இவ்ளோ மெனக்கெட்டிருக்கான்னு தோணும். மெஷின்னு எழுதினானுங்களே பாவிங்க! அந்த உச்சத்துல கண்ணுல தண்ணி வந்துடும் சார். அது தொண்டை. உங்க தொண்டை."

வெண்டெல் வாயைத் திறந்தார். இப்போது சொல்லிவிட வேண்டும். டேப்பு, வேகம், கிளிஃப். நாலே வார்த்தை போதும். அவள் கண்கள் மின்னின. அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு அவரால் முடியவில்லை.

"டெவனே பாடட்டும்," என்றார்.

டெவன் குழுவின் முக்கியப் பாடகன். இருபத்தைந்து வயசு, உச்சம் அவனுக்குத் தண்ணீர் குடிப்பது போல. "நீங்க நடுவுல நில்லுங்க தாத்தா, கோரஸ்ல சேந்துக்கோங்க, ஜமாய்ச்சுடலாம்!" என்று தோளைத் தட்டிக்கொடுத்தான். வெண்டெலின் மைக்கை அணைத்துவிடும்படி மரிபெல் சவுண்டுக்காரனுக்குக் கையால் ஜாடை காட்டியதை அவர் பார்த்தார். பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

அவர் பெயரைச் சொன்னதும் துறையே அதிர்ந்தது. தொப்பிகள் பறந்தன. பியானோ ஆரம்பித்தது. டெவன் பாடினான், இசைத்தட்டில் இருக்கும் வெண்டெலைவிட வெண்டெல் மாதிரி. இரண்டாம் வரியிலேயே கூட்டம் மொத்தமும் சேர்ந்துகொண்டது. தொந்தி விழுந்தவர்கள், நர்ஸ் உடுப்போடு வந்தவள், தோளில் குழந்தையைத் தூக்கி வைத்திருந்தவன், எல்லாரும் அந்த ஏறிய சுருதியிலேயே பாடினார்கள். அவர்களுக்கு வேறு சுருதி தெரியாது. முன்வரிசையில் ஒரு பெண் அவரைப் பார்த்து நெஞ்சில் கை வைத்து அழுதாள். அவர் உதட்டை மட்டும் அசைத்தார். பொம்மை மாதிரி நிற்கிறோமே, போகிற காலத்தில் இதுதானா என்று நினைத்துக்கொண்டார். அந்தப் பெண் அழுவது தமக்காகவா, கிளிஃபின் டேப்புக்காகவா என்று கேட்டால் யார் பதில் சொல்வார்கள்?

உச்சம் வந்தது. வெண்டெல் கண்ணை மூடிக்கொண்டு, அன்று ஸ்டுடியோவில் பாடிய அதே கட்டையில், மற்றவர்களுக்கு அரைக்கட்டை கீழே, பாடினார். தொண்டை கரகரத்தது. ஆனால் அறுபடவில்லை. முழுசாக ஏறி, முழுசாக நின்றது. அது அவருடைய குரல்தான். அது இப்படித்தான் இருந்தது.

மைக் அணைந்திருந்ததால் கூட்டத்துக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற மரிபெல்லுக்கு மட்டும் கேட்டது. அவள் முகம் ஒரு கணம் சுளித்தது. பிறகு சமாளித்துச் சிரித்தாள். ஒரு காதைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் அவர் முழங்கையை மெல்லத் தொட்டு, ஆள்காட்டி விரலை மேல்நோக்கிக் காட்டினாள். கொஞ்சம் மேலே, சார். இன்னும் கொஞ்சம் மேலே.