தலைக்கு அஞ்சு ரூவா

எல்லாரும் நல்லா இருக்கீங்களா, ஒடம்புக்கு சொகந்தானே? நம்ம ராஜாங்கம் பட்ட பாட்டக் கேளுங்க. முத்தியால்பேட்டை மில்லு மேஸ்திரிங்களுக்கு ஆளுங்கள வேலை வாங்குற வித்தைய சொல்லிக்குடுக்க மெட்ராஸ்லேர்ந்து வந்தாரு.

"ஒரு நாளைக்கு மொத்தமான்னா அறுவது ரூவா, ரயில் செலவு, பொஸ்தகம் எல்லாம் உங்களுது. தலைக்குன்னா அஞ்சு ரூவா, அதுலயே எல்லாம் அடக்கம்"னாரு.

மானேஜர் கன்னியப்பன் தலைக்குன்னு பேசிட்டு, எட்டுப் பேர உள்ள ஒக்கார வெச்சாரு, நாப்பது பேர ஜன்னலுக்கு வெளிய நிறுத்தினாரு.

"அவங்கல்லாம் யாரு?"

"காத்து வாங்குறாங்க சார்."

எட்டுத் தலைக்கு வர்ற காசுல ரயில் செலவு போனா கையில என்ன மிஞ்சும்? வெளிய கேக்கக் கூடாதுன்னு ராஜாங்கம் நாள் பூரா குசுகுசுன்னே பாடம் நடத்தினாரு.

அதான் வித்தைன்னு நெனச்ச மேஸ்திரிங்க, மறுநாளு தறி சத்தத்துல குசுகுசுன்னே வேலை ஏவுனாங்க. ஒருத்தருக்கும் கேக்கல, மில்லே நின்னுபோச்சு.

ராஜாங்கத்தத் திரும்பக் கூப்புட்டாங்க. அறுவது ரூவாயும் ரயில் செலவும் பேசி முடிச்சப்புறந்தான் அவரு கத்திப் பேசினாரு.

உங்க ஊருல இந்த மாதிரி கூத்து நடந்திருந்தா எனக்கு எழுதுங்க.