மே மாசத்து மீன்வாடை

ராஜமாணிக்கத்தின் வலைப்பூவுக்கு நிரந்தர வாசகர்கள் இரண்டே பேர். ஒருவர் அவரேதான். இன்னொருவர் மச்சான் தேவநாதன். குறை கண்டுபிடிப்பதற்காகவே படிப்பவர். கூட்டுறவு வங்கியில் முப்பது வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்ற ராஜமாணிக்கம், கடலூர் முதுநகர் வீட்டு மாடியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் உலகம் சுற்றிய மனிதராகிவிடுவார்.

அப்படிப்பட்டவருக்குப் புதுச்சேரியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. மலர்க்கொடி என்ற பெண் அங்கே ஒரு பயண இணையதளம் நடத்துகிறார். மே மாதம் இவர் எழுதிய 'கடலூர் முதல் சிதம்பரம் வரை: ஒரே நாளில் பதினோரு இடங்கள்' பதிவைத் திருத்திக் கொடுத்தால் வெளியிடலாமாம். லட்சம் பேர் படிக்கிற தளம். ராஜமாணிக்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. உடனே தேவநாதனுக்குப் போன் போட்டுப் பீற்றியும் விட்டார். இனிப் பின்வாங்க முடியாது.

பிறகுதான் மின்னஞ்சலின் மீதியைப் படித்தார்.

"சார், இது பயணக் கட்டுரையா, பஸ் டைம்டேபிளா? 'தரிசித்தோம்' ஏழு முறை, 'அழகாக இருந்தது' ஒன்பது முறை வருகிறது. மூன்று இடங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே என்ன வாடை அடித்தது, என்ன சத்தம் கேட்டது, காலடியில் என்ன பட்டது என்று எழுதுங்கள். 'அழகு' என்ற சொல்லே வேண்டாம். எதைப் பார்த்து அப்படித் தோன்றியதோ அதைச் சொல்லுங்கள். நேரம், கட்டணம் எல்லாம் கடைசியில் ஒரு கட்டத்துக்குள் போட்டால் போதும்."

துறைமுகம், சிதம்பரம் கோயில், பிச்சாவரம் என்று மூன்றைத் தேர்ந்தெடுத்தார். அதோடு சரக்கு தீர்ந்தது. இரண்டு மணி நேரம் திரையை முறைத்ததில் கார் ஏசியின் எலுமிச்சை வாசனை மட்டும் ஞாபகம் வந்தது. வேறென்ன வரும்? இறங்கிய இடமெல்லாம் செல்பி, ஏறியதும் தூக்கம் என்று ஊர் சுற்றியவர்.

கீழே மனைவி சௌந்தரம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அந்தச் சிதம்பரம் கோயில் எப்படி இருந்துது?" என்றார், தனக்குத் தெரிந்ததைச் சரிபார்க்கிறவர் போல.

"இன்னா எப்படி? பிராகாரத்துக் கல்லு அடுப்பாட்டம் கொதிச்சுது. நீங்க நெழல்ல நின்னுக்கினு என்னை வெயில்ல நிக்க வெச்சுப் படம் புடிச்சீங்க. குதிகாலைத் தூக்கிக்கினு வெரல்ல நின்னேன். உள்ள போனா எண்ணெயும் விபூதியும் கலந்த வாடை. மணி அடிச்சப்ப நெஞ்சுக்கூடே அதிர்ந்துது. எனக்கு அழுவையே வந்துடுச்சு. நீங்க மணி எத்தினி ஆவுதுன்னு கேட்டீங்க."

"பிச்சாவரம்?"

"மரத்துக்கடியில படகு நொழைஞ்சதும் வெயிலு சட்டுனு நின்னுச்சு. துடுப்பு வேர்ல தட்டுற சத்தம்தான், வேற சத்தமே இல்ல. எறங்கறப்ப சேறுன்னு பொடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருவிக்கினேன். வழியில கீரப்பாளையத்துல, காஞ்ச வயல்ல எருவுக்கு ஆட்டுக்கெடை போட்டிருந்தாங்களே, அந்த வாடை..."

ராஜமாணிக்கம் மாடிக்கு ஓடி, ஒரு சொல் விடாமல் தட்டினார். துறைமுகத்துக்கு மட்டும் அவளைக் கேட்கவில்லை. உள்ளூர்த் துறைமுகம், இதற்குமா கேட்பது? 'விசைப்படகுகள் வரிசையாய்க் கரைசேர, வஞ்சிரம் துள்ள, மீன்வாடை மூக்கைத் துளைக்க' என்று தாமே பொழிந்து தள்ளினார். படித்துப் பார்த்தபோது அவருக்கே புல்லரித்தது. உடனே அனுப்பிவைத்தார்.

மறுநாள் மலர்க்கொடி போனில் வந்தார்.

"சார், நீங்க போனது மே பதினாலு. மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஒண்ணும் கடலுக்குப் போவாது. எங்க ஊரு உங்க பக்கத்துத் தாழங்குடா. அந்த ரெண்டு மாசமும் எங்க அப்பா வலைக் கிழிசலைத் தச்சுக்கினு வீட்டுல உக்காந்திருப்பாரு. உங்களுக்கு மட்டும் எங்கேருந்து சார் வஞ்சிரம் துள்ளுச்சு?"

 ராஜமாணிக்கத்துக்குத் தேவநாதனின் முகம் கண்முன் வந்தது.

"ஆனா மத்த ரெண்டும் நெஜமாவே அங்க நின்னவங்க எழுதுனது. கோயில்ல வெரல்ல நின்னது யாரு சார்?"

"நான்தாம்மா."

"அப்ப கொசுவத்தைத் தூக்கிச் செருவுனதும் நீங்கதானா?"

 ராஜமாணிக்கம் போனைக் கொண்டுபோய் மனைவியிடம் கொடுத்தார். இரண்டு பெண்களும் அரைமணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று அவர் கேட்கவில்லை; மானம் இடம் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதிவு வெளிவந்தது. எழுதியவர் சௌந்தரம். 'படங்கள்: ராஜமாணிக்கம்' என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது. தேவநாதன் அன்றைக்கு ராத்திரியே அழைத்தார்.

"மாமா, முழுசாப் படிச்சீங்களா?"

"இன்னும் இல்ல."

"படிங்க. ரெண்டாயிரம் பேரு கமெண்ட் போட்டிருக்காங்க."

படித்தார். துறைமுகம் இருந்த இடத்தில் கீரப்பாளையத்து ஆட்டுக்கிடை இருந்தது. கோயிலில் மணி அடித்தபோது ஏன் அழுதாள் என்றும் சௌந்தரம் சொல்லியிருந்தாள். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம்; சிதம்பரம் பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம்; புருஷன் கூட்டிப்போனது அந்த மே மாசம்தான் முதல் தடவை. லட்சம் பேரோடு சேர்ந்து ராஜமாணிக்கமும் அதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்.