குண்டூசி பின்

திண்டிவனத்தில் தமிழாசிரியராக இருக்கும் தேவநாதனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கிவரச் சொல்லி வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பியதை, முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மனைவி விசாலாட்சி வீடு வந்து சேர்ந்த பிறகும் பார்த்திருக்கவில்லை.

“நாள்பூரா மெசேஜ் வந்துக்கினே இருக்கு, உங்களுது கீழ போயிடுதுங்க. இருங்க, பின் பண்ணிடுறேன்.”

“இப்பவே பின்னாலதான இருக்கேன்? இன்னும் எங்க பின் பண்ணப்போற?”

“ஐயோ, தமிழ் பின் இல்லீங்க, குண்டூசி பின். குத்திட்டா எப்பவும் மேலயே நிக்கும்.”

தேவநாதனின் முகம் மலர்ந்தது. அவள் அவர் பெயரை அழுத்தினாள். மூன்றுக்கு மேல் முடியாது என்று போன் கைவிரித்துவிட்டது.

“அப்ப ஒருத்தர எறக்கு. யாரு அந்த மூணு பேரு?” என்று எட்டிப் பார்த்தார்.

வார்டு டியூட்டி குரூப். மகளின் பள்ளி வேன். மூன்றாவது, பெருமுக்கலில் தனியாக இருக்கும் அவருடைய அம்மா. காலையில் சுகர் எவ்வளவு என்று தினமும் மருமகளுக்குத்தான் பேசி அனுப்புவாள். அம்மாவிடம் அவர் பேசி நான்கு நாளாகியிருந்தது.

“யார எறக்கட்டும், சொல்லுங்க.”

தேவநாதன் செருப்பை மாட்டிக்கொண்டார்.

“யாரையும் வேணாம். மல்லாட்டைய நானே வாங்கிக்கினு வர்றேன். நான் பின்னாலயே இருக்கேன்.”