படத்தில் இருந்தபடி

விடைத்தாள் திருத்தும் கூடத்தில் மத்தியானத்துக்குமேல் யாருக்கும் பேசத் தெம்பில்லை. கணினி ஆசிரியைக்குக் கழுத்து விண்விண்ணென்று தெறித்தது. மகளுக்குக் காய்ச்சல் என்று காலையிலிருந்தே மனசு வீட்டில் கிடந்தது. கையிலிருந்த விடைத்தாள் கட்டு முடிந்தால் கிளம்பிவிடலாம்.

அதில் ஒரு விடை அவளை நிறுத்தியது. எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கும் பபிள் சார்ட் நிரல் ஒன்றைத் திரையிலிருந்து போட்டோ பிடித்து வினாத்தாளில் அச்சடித்திருந்தார்கள். 8, 3, 6, 1 என்ற வரிசை ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் எப்படி இருக்கும் என்பது கேள்வி. விடைக்குறிப்பில் முதல் சுற்றுக்குப் பின் 3, 6, 1, 8. அடுத்து 3, 1, 6, 8. கடைசியில் 1, 3, 6, 8. இந்தப் பிள்ளையோ மூன்று சுற்றுக்கும் 3, 6, 8, 1 என்றே எழுதியிருந்தது.

சுழியம் போடப்போன பேனாவை நிறுத்தி, வினாத்தாளைக் கண்ணருகே பிடித்தாள். ஒரு சுற்றில் எத்தனை ஜோடிகளை ஒப்பிட வேண்டும் என்று சொல்லும் எல்லை n-i-1 என்றல்லவா இருக்க வேண்டும்? படத்தில் n-i-2 என்று இருந்தது.

ஒரு தாளில் போட்டுப் பார்த்தாள். நான்கு எண்கள். முதல் சுற்றில் இடத்தைக் குறிக்கும் j பூஜ்யமும் ஒன்றும் மட்டுந்தான், அதாவது இரண்டே ஒப்பீடு. எட்டும் மூன்றும் இடம் மாறின: 3, 8, 6, 1. எட்டும் ஆறும் மாறின: 3, 6, 8, 1. அதோடு சுற்று முடிந்தது. இரண்டாம் சுற்றில் மூன்றையும் ஆறையும் ஒப்பிட்டதோடு சரி, மாற்றமில்லை. மூன்றாவதில் உள்ளே நுழையவே வழியில்லை. கடைசியில் நின்ற 1 அசையவே இல்லை. பிள்ளை எழுதியதுதான் சரி.

அவளுக்கு அழுகை வந்தது. வாயை மூடிக்கொண்டு இந்த ஒரு தாளுக்கு மார்க் போட்டுவிடலாம். ஆனால் காலையில் இதே மாதிரி எழுதிய இரண்டு மூன்று பேருக்குச் சுழியம் போட்டது ஞாபகம் வந்தது.

பக்கத்து மேசைக்காரியிடம் தாளைத் தள்ளினாள். அவள் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தாள்.

"அக்கா, இதைச் சொன்னா திருத்தி வச்ச கட்டெல்லாம் திரும்பப் பிரிக்கச் சொல்லுவாங்க."

"தெரியும்மா."

"உங்க பொண்ணு?"

"அவங்க அப்பா பாத்துக்குவார்."

அவள் தாளைக் கொண்டுபோய் நீட்டியதும் தலைமைத் தேர்வாளர் சலிப்போடுதான் கேட்டார். "மனப்பாடமா எழுதினவங்க எல்லாம் குறிப்புல இருக்கிற மாதிரிதானேம்மா எழுதியிருக்காங்க?"

"ஆமா சார். படத்தைப் பாத்து எழுதினவங்களுக்குத்தான் நாம சுழியம் போட்டிருக்கோம்."

அவர் தானும் ஒருமுறை எழுதிப் பார்த்தார். பெருமூச்சு விட்டபடி மேலிடத்துக்குப் போன் போட்டார். இரண்டு விடைக்கும் முழு மார்க் என்று முடிவாயிற்று. கூடம் முழுக்க முனகல். "யாரு இந்தப் புண்ணியத்தைக் கட்டிக்கிட்டது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போன் போட்டாள். "இன்னும் லேட்டாகும்ங்க."

"காய்ச்சல் இறங்கிடுச்சு. நீ சாப்பிட்டியா?" என்றான் கணவன்.

இல்லை என்று சொல்லவும் அலுப்பாக இருந்தது. "ம்" என்று சொல்லிவிட்டு, காலையில் திருத்தி முடித்துத் தானே இறுக்கிக் கட்டிய கட்டின் முடிச்சை நகத்தால் நெம்பத் தொடங்கினாள்.